சனிக்கிழமை இரவு 12 மணி என்பது எந்த நாள்?

சில வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு மூன்று வரி அறிவிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது நாங்கள் ஒரு சின்ன மென்பொருளைப் பராமரித்துக் கொண்டிருந்தோம். தொழிற்சாலைக்குள் வரும் லாரி, வெளியே போகும் லாரி, அதற்கான கேட் பாஸ், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான் பதிவாகும். திருவள்ளூர் காக்களூரில் சில வாடிக்கையாளர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சிலர். டேட்டாபேஸை புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆறு மணி நேர வேலை. ஒரு வாரம் முன்னதாகவே எல்லோருக்கும் இப்படி ஒரு அறிவிப்பை அனுப்பினேன்:

> சேவை மேம்பாட்டுப் பணி காரணமாக வரும் சனிக்கிழமை இரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை எங்கள் சேவை இயங்காது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.

வெள்ளிக்கிழமை இரவு 12 அடித்ததும் சர்வரை நிறுத்தினோம். பத்தே நிமிஷத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து போன். டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். "சார், நாளைக்கு ராத்திரின்னுதானே போட்டிருந்தீங்க? நாலு வண்டி லோடு ஏத்தி நிக்குது."

காலண்டர்படி எங்கள் கணக்கு சரிதான். சனிக்கிழமை பிறப்பது வெள்ளி நள்ளிரவில். ஆனால் பத்து மணிக்கு சி ஷிப்ட் ஏறும் ஆளுக்கு "சனிக்கிழமை இரவு" என்றால் சனிக்கிழமை பகல் முடிந்து வரும் இரவு. தமிழ் பேசும் யாருக்குமே அப்படித்தான். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் ரயிலுக்கு தேதி தப்பாகப் போட்டு டிக்கெட் எடுத்து, மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் நின்றவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அந்த நாலு வண்டிக்கும் கையால் பாஸ் எழுதி அனுப்பினார்கள். விடிந்ததும் அதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினேன். காக்களூர் வாடிக்கையாளர்களுக்கு இரவு வேலை கிடையாது. அவர்களுக்கு நடந்ததே தெரியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யார் பராமரிப்பு அறிவிப்பு அனுப்பினாலும் வரிவரியாகப் படிப்பேன். அதில் உள்ள நேரங்களைக் கவனித்துப் படித்தால் உள்ளே என்ன வேலை நடக்கப் போகிறது என்பதே ஓரளவு புலப்படும். அப்படி நான் படித்ததில் மிக விரிவானது 2024 ஜூலையில் ஹெச்டிஎஃப்சி வங்கி வெளியிட்டது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

அறிவிப்பு என்ன சொன்னது

வங்கி தன் கோர் பேங்கிங் அமைப்பை புதிய தளத்துக்கு மாற்றுகிறது. நாள்: 2024 ஜூலை 13, சனிக்கிழமை. நேரம்: அதிகாலை 3 மணி முதல் மாலை 4:30 வரை. அதாவது பதிமூன்றரை மணி நேரம். செய்திகளில் தலைப்பாக வந்தது இந்தப் பதிமூன்றரைதான். ஆனால் அறிவிப்பு அதோடு நிற்கவில்லை. சேவை வாரியாகத் தனித்தனி நேரம் கொடுத்திருந்தது.

யுபிஐ இரண்டு தடவை மட்டும் நிற்கும்: அதிகாலை 3:00 முதல் 3:45 வரை, பிறகு காலை 9:30 முதல் மதியம் 12:45 வரை. நெஃப்ட், ஐஎம்பிஎஸ், ஆர்டிஜிஎஸ் போன்ற பணப் பரிமாற்றங்கள் முழு நேரமும் கிடையாது. ஏடிஎம்மும் டெபிட் கார்டும் வேலை செய்யும், ஆனால் குறைந்த வரம்புக்குள். கணக்கில் காட்டப்படும் இருப்பு, முந்தைய நாள் வெள்ளிக்கிழமை மாலை 7:30 மணிக்கு இருந்த தொகையாக இருக்கும்.

கூட்டிப் பாருங்கள். முதல் நிறுத்தம் முக்கால் மணி நேரம், இரண்டாவது மூன்றே கால். ஆக யுபிஐ நிற்பது மொத்தம் நாலு மணி நேரம்தான். பதிமூன்றரையில் மீதி ஒன்பதரை மணி நேரம் யுபிஐ ஓடிக்கொண்டிருக்கும். இங்கேதான் எனக்கு ஆர்வம் வந்தது. கணக்குகள் இருக்கும் மூல அமைப்பையே கழற்றி வைத்திருக்கும்போது, யுபிஐ எதை நம்பி ஓடுகிறது?

பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போனபின் கடை நடத்துவது

பழைய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரே பெரிய பேரேட்டில். அதைப் புதுப் பேரேட்டில் எழுதி மாற்ற வேண்டும், கடையையும் மூடக் கூடாது. அண்ணாச்சி என்ன செய்வார்? ஒரு நேரம் குறித்து அதுவரையான பாக்கியை ஒரு தாளில் எடுத்து கல்லாவில் வைப்பார். பேரேட்டை உள்ளே கொடுத்துவிடுவார். வருகிறவர்களுக்கு அந்தத் தாளைப் பார்த்துச் சரக்குக் கொடுத்து, ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் குறிப்பார். புதுப் பேரேடு தயாரானதும் சீட்டுகளை அதில் ஏற்றுவார்.

வங்கித் துறையில் இதற்குப் பெயர் ஸ்டாண்ட்-இன் ப்ராசஸிங். மூல அமைப்பு கிடைக்காதபோது, ஒரு துணை அமைப்பு கடைசியாகத் தெரிந்த இருப்பை வைத்துக்கொண்டு சின்னத் தொகைகளுக்கு அனுமதி தரும். எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்து வைத்து, பிறகு மூல அமைப்பில் பதியும்.

இந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு அறிவிப்பைத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் பொருள்படும். வெள்ளி மாலை 7:30 என்பது தாள் எடுத்த நேரம். கார்டுக்குக் குறைந்த வரம்பு வைத்தது ஏனென்றால், தாளில் இருக்கும் தொகை பழையது. அதற்குப் பிறகு நீங்கள் பணம் எடுத்திருக்கலாம். இல்லாத பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது, கொடுத்தாலும் நஷ்டம் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய தொகைகள் போகும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முழுவதுமாக மூடப்பட்டதும் இதே காரணம்தான்.

இரண்டு யுபிஐ நிறுத்தங்களை நான் வாசிப்பது இப்படி (அறிவிப்பு காரணம் சொல்லவில்லை, நேரங்களை வைத்து நான் செய்யும் அனுமானம்). முதல் 45 நிமிஷம் பேரேட்டிலிருந்து தாளுக்கு மாறும் நேரம். மாறுவது எளிது, அதனால் சீக்கிரம் முடிகிறது. இரண்டாவது மூன்றே கால் மணி நேரம், தாளிலிருந்து புதுப் பேரேட்டுக்குத் திரும்பும் நேரம். இதுதான் கடினமான பாதி. அதுவரை சேர்ந்த சீட்டுகளை எல்லாம் ஏற்ற வேண்டும், இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துக் கொண்டிருக்கும்போது புதுச் சீட்டு விழக்கூடாது. அதனால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்கள் சின்ன மென்பொருளிலும் இதே விகிதம்தான் வரும். வெளியே எடுப்பதை விடத் திரும்ப உள்ளே வைப்பது எப்போதும் நேரம் பிடிக்கும்.

ஏன் பட்டப்பகலில்?

காலை 9:30 முதல் 12:45 என்பது கடைத்தெரு சூடாக இருக்கும் நேரம். ராத்திரியில் செய்யக் கூடாதா என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

வேலையின் நீளம் பதிமூன்றரை மணி நேரம் என்றால் அது எந்த இரவுக்குள்ளும் அடங்காது. திரும்பும் கட்டத்தை இரவில் கொண்டுவர வேண்டுமென்றால், வேலையை முந்தைய நாள் சாயங்காலமே ஆரம்பிக்க வேண்டும். அது வெள்ளிக்கிழமை, வேலை நாள். கிளைகள் திறந்திருக்கும். சம்பளம், சப்ளையர் பணம் எல்லாம் போய்க்கொண்டிருக்கும் நேரம். வங்கி தேர்ந்தெடுத்தது இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. மறுநாள் ஞாயிறும் விடுமுறை. ஏதாவது பிசகினால் சரிசெய்ய இன்னொரு முழு நாள் பின்னால் இருக்கிறது. அதற்காகவே எங்களைப் போன்றவர்கள் பெரிய மாற்றத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கத் தயங்குவோம். திங்கள் விடிந்துவிடும்.

முன்பு இது இவ்வளவு கஷ்டமில்லை. நெஃப்ட் இரவில் தானாகவே ஓய்ந்திருந்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. யுபிஐ தொடக்கத்திலிருந்தே தூங்குவதில்லை. யாருக்கும் தெரியாமல் கழற்றி மாட்ட இப்போது இடைவெளியே இல்லை. அதனால்தான் அறிவிப்பு இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

ஒரு லாரியின் சனிக்கிழமை

அறிவிப்பை ஒரு ஆளின் நாளில் வைத்துப் பார்ப்போம். இது நான் கட்டிய உதாரணம். அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கும் ஒரு டிரைவர், கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு நெல்லூர் போகிறார். வெள்ளி மாலை 7:30க்கு அவர் கணக்கில் 18,400 ரூபாய். இரவு 9 மணிக்கு வண்டி முதலாளி அட்வான்ஸாக 10,000 போடுகிறார். உண்மையான இருப்பு இப்போது 28,400.

சனி காலை 8 மணி, ஆரம்பாக்கத்தில் டீ, டிபன். 90 ரூபாய் யுபிஐயில் போகிறது. மூன்றே முக்காலுக்கு மேல், ஒன்பதரைக்கு முன். சரி, இருப்பைப் பார்ப்போம் என்று பார்க்கிறார். அறிவிப்பின்படி அங்கே தெரிவது 7:30 மணிக் கணக்கு: 18,400. முதலாளி பணமே போடவில்லை என்று நினைத்து போன் போட்டுச் சண்டை பிடிக்க இதுவே போதும். பணம் எங்கும் போகவில்லை, அவர் பார்ப்பது கல்லாவில் இருக்கும் தாள்.

10 மணிக்கு தடா தாண்டி டீசல் போட நிற்கிறார். யுபிஐ வேலை செய்யாது. கார்டு தேய்க்கலாம், வரம்புக்குள் இருந்தால். லாரி டீசல் சின்னத் தொகை இல்லை. கையில் ரொக்கம் இருந்தால் பிழைத்தார். மதியம் 1 மணிக்கு யுபிஐ வந்துவிடும். 2 மணிக்கு நெல்லூரில் இறக்கிவிட்டு, வசூலித்த பணத்தை ஐஎம்பிஎஸ்ஸில் முதலாளிக்கு அனுப்பப் பார்த்தால் அது போகாது. அதற்கு 4:30 ஆக வேண்டும்.

ஒரே நாள், ஒரே போன், ஒரே கணக்கு. எட்டு மணிக்கு ஒரு பதில், பத்து மணிக்கு ஒரு பதில், ரெண்டு மணிக்கு வேறொரு பதில். "13-ம் தேதி சேவை இருக்காது" என்று மட்டும் போட்டிருந்தால் அவர் காலை டீக்குக்கூட ரொக்கம் தேடியிருப்பார், மதியம் திரும்ப வந்ததும் தெரிந்திருக்காது.

இன்னொரு விஷயம். யுபிஐக்கு இரண்டு முனை உண்டு. டிரைவர் வேறு வங்கிக்காரராக இருந்து, பணம் வாங்குகிறவர் கணக்கு பராமரிப்பில் இருக்கும் வங்கியில் இருந்தாலும், பொதுவாக அந்தப் பரிமாற்றம் சிக்கும். ஆனால் வேறு வங்கி வாடிக்கையாளருக்கு இந்த அறிவிப்பு வந்தே இருக்காது. அவருக்குத் தெரிவதெல்லாம் போனில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம்தான்.

முடியும் நேரம் என்பது வாக்குறுதியா?

அறிவிப்பில் உள்ள நேரங்களில் மிகவும் நம்ப முடியாதது கடைசி நேரம். தொடங்கும் நேரம் நம் கையில் இருக்கிறது, முடியும் நேரம் அப்படி இல்லை.

இதற்கு உலகத்திலேயே பேர்பெற்ற உதாரணம் இங்கிலாந்தின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்து, 52 லட்சம் வாடிக்கையாளர் கணக்குகளை பழைய உரிமையாளரான லாய்ட்ஸ் வங்கியின் அமைப்பிலிருந்து புதிய உரிமையாளரான ஸ்பெயின் நாட்டு சபாடெல் கட்டிய அமைப்புக்கு மாற்றினார்கள். ஞாயிறு மாலை முடிந்துவிடும் என்று அறிவிப்பு. ஞாயிறு மாலை அமைப்பைத் திறக்கவும் செய்தார்கள். திறந்ததும் சிலர் லாகின் செய்தால் அடுத்தவர் கணக்கு தெரிந்தது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் பூட்டப்பட்டார்கள். எல்லாம் சீராக அந்த வருடம் டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு.

ஆச்சரியம் என்னவென்றால், தரவு சரியாகத்தான் மாறியிருந்தது. பேரேட்டில் எழுத்துப் பிழை இல்லை. அதைத் தாங்கும் புது மேஜைதான் ஆடியது. இரண்டு டேட்டா சென்டர்கள் ஒரே மாதிரி இயங்க வேண்டிய அமைப்பு அது. ஆனால் சுமைச் சோதனையை ஒன்றில் மட்டுமே செய்திருந்தார்கள் என்று பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

இப்படிப்பட்ட வேலையில் "திரும்ப முடியாத புள்ளி" ஒன்று உண்டு. அதற்கு முன் எது தவறினாலும் பழைய பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பழையபடி கடையைத் திறக்கலாம். புது அமைப்பில் வாடிக்கையாளர் பரிமாற்றங்கள் விழ ஆரம்பித்துவிட்டால், பழையதற்குத் திரும்புவது என்பது அவற்றை இழப்பது அல்லது கையால் திரும்ப ஏற்றுவது. எங்கள் டீமில் இந்த நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம்: காலை 4 மணிக்குள் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் விவாதமே இல்லை, திரும்பிவிடுவது. ஆறு மணிக்கு முடிப்பேன் என்று சொன்னவன் நாலு மணிக்கே முடிவெடுத்தால்தான் எப்படியிருந்தாலும் ஆறுக்குக் கதவு திறக்கும். வாடிக்கையாளர் பார்க்கும் 6 மணிக்குப் பின்னால் இந்த 4 மணி ஒளிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 6 வெறும் ஆசை.

முடிந்த பிறகு

சேவை திரும்பியதும் படிப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிறுத்தத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்த உங்கள் பரிமாற்றங்களை ஸ்டேட்மென்ட்டில் ஒருமுறை சரிபாருங்கள். சீட்டு தொலைவதும், ஒரே சீட்டு இருமுறை ஏறுவதும் அந்த எல்லைகளில்தான். யுபிஐயில் உங்கள் கணக்கில் பணம் கழிந்து எதிராளிக்குப் போகவில்லை என்றால், அதற்குக் கெடு இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஒரு ஆளுக்கு அனுப்பிய பணமாக இருந்தால் மறுநாளுக்குள், கடைக்குக் கட்டியதாக இருந்தால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டதாலேயே இந்தக் கடமை இல்லாமல் போகாது.

சரி, என் மூன்று வரிக்கு வருகிறேன். அடுத்த முறை அதே வேலைக்கு நான் அனுப்பியது இது:

> 10-ம் தேதி வெள்ளிக்கிழமை இரவு சி ஷிப்ட் நடக்கும்போது பராமரிப்பு இருக்கிறது.
> வெள்ளி இரவு 11:45 வரை: எல்லாம் வழக்கம்போல். அதற்குள் அந்த இரவு வண்டிகளுக்கான பாஸை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.
> வெள்ளி இரவு 11:45 முதல் சனி (11-ம் தேதி) காலை 5:45 வரை: புதிய பாஸ், இன்வாய்ஸ் போட முடியாது. பழைய பதிவுகளைப் பார்க்கலாம். அவை 11:45 மணி நிலவரம்.
> அவசர வண்டிக்கு: இணைத்துள்ள படிவத்தில் கையால் எழுதி அனுப்புங்கள். காலையில் நாங்களே ஏற்றித் தருகிறோம்.
> காலை 4:15க்கு இன்னொரு செய்தி வரும்: வேலை முடிகிறதா, பழைய பதிப்புக்கே திரும்புகிறோமா என்று.

இதில் எங்கும் 12 மணி என்ற எண் இல்லை. தேதியும் கிழமையும் ஷிப்ட்டும் மூன்றும் இருக்கிறது. ஒன்றைத் தப்பாகப் படித்தாலும் மற்ற இரண்டும் பிடித்து நிறுத்தும். நீளம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அனுப்பிய அன்று மாலையே கும்மிடிப்பூண்டி சூப்பர்வைசரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "படிவம் எத்தனை காப்பி பிரின்ட் எடுத்து வைக்கணும் சார்?" அறிவிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. பத்து எடுத்து வைங்க என்றேன். ஆறு தேவைப்பட்டது.